திதி நடுப்பகலில் மாறினால் பண்டிகை எந்த நாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலண்டர்ல "பகல் 12.39 வரை திருதியை, பிறகு சதுர்த்தி"ன்னு போட்டிருக்கு. அடுத்த நாள் "பகல் 1.43 வரை சதுர்த்தி"ன்னு இருக்கு. ரெண்டு நாள்ல எது விநாயகர் சதுர்த்தி?

அந்தப் பண்டிகையின் முக்கியமான பூஜை எந்த நேரத்துக்கு உரியதோ, அந்த நேரத்தில் சதுர்த்தி எந்த நாளில் இருக்கிறது என்று பாருங்கள். விநாயகருக்கு அது நடுப்பகல். சிவராத்திரிக்கு நள்ளிரவு, பிரதோஷத்துக்கு அந்தி, சங்கடஹர சதுர்த்திக்கு நிலவு உதிக்கும் நேரம். இதைத்தான் சாஸ்திரக்காரர்கள் கர்ம காலம் என்பார்கள். மற்றதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான், சிக்கல்களும் சேர்த்து.

நீங்கள் சொல்லும் நேரங்கள் 2023 செப்டம்பர் 18, 19 தேதிகளுக்கு உரியவை. அந்த வருஷம் உண்மையிலேயே தகராறான வருஷம், அதைக் கீழே தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

திதி ஏன் இப்படிக் கண்ட நேரத்துல மாறுது? ராத்திரி 12 மணிக்கோ காலையிலேயோ மாறினா வம்பே இல்லையே?

திதிக்கும் நம் கடிகாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. வானத்தில் சூரியனை விட்டு நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது, இன்னொரு 12 பாகை விலகினால் அடுத்தது. அமாவாசை முடியும் கணத்தில் இருவரும் ஒரே இடத்தில், பௌர்ணமி முடியும் கணத்தில் நேர் எதிரே. அந்தப் பன்னிரண்டாவது பாகை காலை 7 மணிக்கும் நிறைவேறலாம், நள்ளிரவு தாண்டி 2.10-க்கும் நிறைவேறலாம்.

இதில் இன்னொரு விஷயம், நிலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவாகவும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் போகும். அதனால் ஒரு திதி ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் உண்டு, 26 மணி 45 நிமிஷம்வரை இழுப்பதும் உண்டு. சராசரி 23 மணி 37 நிமிஷம். ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் திதி மாறும் நேரம் தினமும் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

சூரியன் உதிக்கும்போது என்ன திதியோ அதுதான் அன்னைக்குத் திதின்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. அது தப்பா?

தப்பில்லை. ஒரு நாளுக்குப் பெயர் வைக்க அந்த விதிதான். சங்கல்பத்தில் சொல்வதும், காலண்டரில் முதலில் அச்சாவதும் உதயத்தில் இருக்கும் திதியைத்தான். ஆனால் நாளுக்குப் பெயர் வைப்பது வேறு, பண்டிகைக்கு நாள் பார்ப்பது வேறு. உதயத் திதியை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 சிவராத்திரி நல்ல உதாரணம்.

அந்த வருஷம் தேய்பிறைச் சதுர்த்தசி மார்ச் 8 இரவு 9.57-க்குத் தொடங்கி, மார்ச் 9 மாலை 6.17-க்கு முடிந்தது. உதயத்தைப் பார்த்தால் சதுர்த்தசி 9-ஆம் தேதிக்குத்தான் சொந்தம். ஆனால் 9-ஆம் தேதி இரவு நான்கு கால பூஜைக்கு உட்காரும்போது அமாவாசை வந்துவிட்டிருக்கும். சிவராத்திரியில் ராத்திரிதானே முக்கியம்? அதனால் 8-ஆம் தேதி. அன்று காலையில் உதயத்தில் இருந்தது திரயோதசி, பகல் முழுக்கவும் திரயோதசி, சதுர்த்தசி தலைகாட்டியதே இரவு சாப்பாட்டு நேரம் தாண்டித்தான். இருந்தாலும் நள்ளிரவில் இருந்தது சதுர்த்தசி. விவாதத்துக்கு இடமே இல்லாத தெளிவான நாள் அது.

நடுப்பகல், நள்ளிரவுன்னா சரியா எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?

கடிகாரத்து 12 மணியை மறந்துவிடுங்கள். உங்கள் ஊரில் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை உள்ள நேரத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். பிராதக்காலம், சங்கவம், மத்தியானம், அபராஹ்னம், சாயாஹ்னம் என்று ஐந்து பங்கு. மூன்றாவது பங்குதான் விநாயகருக்கும் ராமநவமிக்கும் உரியது. நான்காவது பங்கான அபராஹ்னம் அமாவாசைத் தர்ப்பணம் போன்ற பிதுர் காரியங்களுக்கு. பகல் சரியாக 12 மணி நேரம் இருந்தால் ஒவ்வொரு பங்கும் 6 நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிஷம்.

இரவை 15 முகூர்த்தமாகப் பிரித்தால் நடுவில் நிற்கும் எட்டாவது முகூர்த்தம் நிசீதம், சுமார் 48 நிமிஷம். சிவராத்திரிக்கும் கிருஷ்ண ஜயந்திக்கும் அதைப் பார்ப்பார்கள். அஸ்தமனத்துக்குப் பிறகு வரும் 6 நாழிகை பிரதோஷ காலம்.

2023-ல தமிழ்நாட்டுல செப்டம்பர் 18, மும்பைல 19. ஒரே பிள்ளையார், ரெண்டு பிறந்தநாளா? யார் சொன்னது சரி?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். திருக்கணிதப்படி சதுர்த்தி 18-ஆம் தேதி பகல் 12.39 முதல் 19-ஆம் தேதி பகல் 1.43 வரை.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உதயம் ஏறத்தாழ 5.58, அஸ்தமனம் ஏறத்தாழ மாலை 6.06. பகலின் நீளம் 12 மணி 8 நிமிஷம், ஐந்தால் வகுத்தால் ஒரு பங்கு 2 மணி 25 நிமிஷத்துக்குச் சற்று மேல். முதல் இரண்டு பங்கு கழிந்து மூன்றாவது தொடங்குவது 10.49-க்கு, முடிவது 1.15-க்கு. இனி திதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். 18-ஆம் தேதி சதுர்த்தி 12.39-க்குத்தான் வருகிறது, ஆகவே மத்தியானத்தில் அது இருந்தது 36 நிமிஷம். 19-ஆம் தேதி அது 1.43 வரை இருப்பதால் மத்தியானம் முழுக்க, 2 மணி 25 நிமிஷமும், சதுர்த்திதான்.

ஒரு நாளில் மட்டும் மத்தியானத்தில் சதுர்த்தி இருந்திருந்தால் யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாளிலும் இருக்கிறது, ஆனால் சமமாக இல்லை. இங்கேதான் நிர்ணய நூல்களே இரண்டாகப் பிரிகின்றன. ஒரு கட்சி, இரண்டு நாளும் நடுப்பகலைத் தொட்டால், கூடவோ குறையவோ, முந்தைய நாளையே எடு என்கிறது. காரணம் அழகானது. திருதியை கௌரிக்கு உரிய திதி, அந்தத் திருதியையோடு ஒட்டிய சதுர்த்தி தாயோடு சேர்ந்த சதுர்த்தி, பிள்ளைக்கு அதுவே உயர்ந்தது. இன்னொரு கட்சி, அளவு சமமில்லை என்றால் எந்த நாள் அதிகம் பரவியிருக்கிறதோ அதுதான் என்கிறது. முதல் கட்சிப்படி 18, இரண்டாவதுப்படி 19. இரண்டுமே ஒரே திதி நேரத்தை வைத்துக்கொண்டு வந்த முடிவுகள், வானத்தைப் பற்றி அங்கே சண்டையே இல்லை.

மும்பைக்குக் கணக்குப் போட்டாலும் இதே நிலைதான், அளவு மட்டும் மாறும். அங்கே சூரியன் அரை மணி பிந்தி உதிப்பதால் மத்தியானம் 11.19-லிருந்து சுமார் 1.45 வரை. முதல் நாளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சதுர்த்தி கிடைக்கிறது, மறுநாள் கடைசி ஓரிரு நிமிஷம் தவிர முழுக்க.

என்னைக் கேட்டால் இந்த இடத்தில் "யார் சரி" என்பதே பொருத்தமில்லாத கேள்வி. தங்கள் பரம்பரை எந்த விதியைப் பின்பற்றுகிறதோ அதன்படி இருவரும் சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வருஷம் தமிழ்நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலில் முதலில் இருந்தது செப்டம்பர் 17, பிறகுதான் 18 என்று திருத்தினார்கள். 17-ஆம் தேதி பகலில் சதுர்த்தி எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு எந்தக் கட்சியிலும் ஆதாரம் கிடையாது. இரண்டு நாளில் எது என்பது கருத்து வேறுபாடு, மூன்றாவதாக ஒரு நாள் என்பது வெறும் பிழை.

வாக்கியப் பஞ்சாங்கத்துல வேற நேரம் போட்டிருக்கே?

போட்டிருக்கும். வாக்கியம் என்பது நிலவின் இடத்தை மனப்பாட வாக்கியங்களாகத் தொகுத்த பழைய கணக்கு, திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு போடுவது. நிலவின் ஓட்டத்தில் உள்ள சில ஏற்ற இறக்கங்கள் பழைய கணக்கில் இல்லாததால் திதி முடியும் நேரம் இரண்டிலும் வேறுபடும், சில நாட்களில் நிமிஷங்கள், சில நாட்களில் மணிக்கணக்கு. திதியின் நீளத்திலேயே இது தெரியும். பழைய கணக்கில் ஒரு திதி அதிகபட்சம் 65 நாழிகை, குறைந்தபட்சம் 54 நாழிகை, அதாவது 26 மணியிலிருந்து 21 மணி 36 நிமிஷம் வரை. உண்மையான வீச்சு இரு பக்கமும் இதைவிடப் பெரியது.

பெரும்பாலான வருஷங்களில் இந்த வித்தியாசம் பண்டிகை நாளைத் தொடவே தொடாது. திதி காலை 8-க்கு ஆரம்பித்தால் என்ன, 9-க்கு ஆரம்பித்தால் என்ன, நடுப்பகல் எப்படியும் உள்ளேதான். மாற்றம் கர்ம காலத்தின் விளிம்பில் விழும் வருஷத்தில்தான் ஆபத்து. மேலே பார்த்த 2023 நேரங்களையே எடுத்துக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்கு, சதுர்த்தி ஒன்றரை மணி நேரம் முன்னால் தொடங்கி ஒன்றரை மணி நேரம் முன்னால் முடிந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் 11.09-க்கே சதுர்த்தி வந்துவிடும், மத்தியானத்தில் 2 மணி 6 நிமிஷம். மறுநாள் 12.13-க்கே முடிந்துவிடும், 1 மணி 24 நிமிஷம்தான். "அதிகம் பரவிய நாள்" என்ற கட்சியும் இப்போது 18-க்கு வந்துவிடும், சண்டை முடிந்தது! ஆகவே காலண்டர் இரண்டில் நாள் வேறாக இருந்தால், விதி வேறா அல்லது திதி நேரமே வேறா என்று முதலில் பாருங்கள். திதி முடியும் நேரத்தை இரண்டிலும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

ஒரு திதி எந்த நாள் உதயத்துலயும் இல்லாம போயிடுமாமே? அப்போ பண்டிகையே கிடையாதா?

உதயத்தில் இல்லை என்பதால் பண்டிகை போய்விடாது. ஒரு திதி காலை 6.30-க்குத் தொடங்கி மறுநாள் விடிகாலை 5 மணிக்கு முடிந்தால் அது எந்த உதயத்தையும் தொடாது, காலண்டரில் அந்த நாளின் பெயராக அது வராது. ஆனால் அதன் நடுப்பகலும் நள்ளிரவும் முழுசாக இருக்கின்றனவே, அதனால் பண்டிகை அந்த நாளில்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. 25 மணி நேரம் நீளும் திதி அதிகாலை 5.30-க்குத் தொடங்கினால் அடுத்தடுத்து இரண்டு உதயங்களைத் தொட்டுவிடும், ஆனால் அதற்கு நடுப்பகல் ஒன்றுதான், பண்டிகை முதல் நாள். கர்ம காலத்தைப் பிடித்துக்கொண்டால் இந்த இரண்டு விநோதங்களும் பயமுறுத்தாது.

நடுப்பகல் முழுவதும் இரண்டு நாளிலும் ஒரே திதி இருப்பது மிக அபூர்வம், அதற்குத் திதி ஏறத்தாழ 26 மணி 25 நிமிஷமாவது நீள வேண்டும். இரண்டு நாளிலும் நடுப்பகலைத் தொடாமலே நழுவுவது ஒரு குறுகிய திதியால் முடியும். மதியம் 1.20-க்குத் தொடங்கி மறுநாள் 10.40-க்கு முடிந்தால் போதும். இந்த இரண்டு நிலையிலும் விநாயகருக்கு முந்தைய நாள்தான்.

2024 தீபாவளியில ஏன் வடக்குல அவ்வளவு குழப்பம், நமக்கு ஏன் இல்ல?

ஏனென்றால் நாம் கொண்டாடுவது வேறு திதி, வேறு நேரம். நமக்கு விடியலுக்கு முன் எண்ணெய்க் குளியல், அந்த நேரத்தில் தேய்பிறைச் சதுர்த்தசி இருக்க வேண்டும். அது அக்டோபர் 30 பகல் 1.15 முதல் 31 மாலை 3.52 வரை இருந்தது. அதற்குள் வந்த விடியல் ஒன்றே ஒன்று, 31-ஆம் தேதியுடையது. முடிந்தது கதை.

வடக்கில் லட்சுமி பூஜைக்குப் பிரதோஷ காலத்தில் அமாவாசை வேண்டும். அமாவாசை 31 மாலை 3.52-க்குத் தொடங்கி நவம்பர் 1 மாலை 6.16-க்கு முடிந்தது. தில்லியில் 1-ஆம் தேதி அஸ்தமனம் சுமார் 5.36, ஆக அதன் பிறகு 40 நிமிஷம் அமாவாசை மிச்சம் இருந்தது. 31-ஆம் தேதியோ பிரதோஷம் முழுவதும், இரவு முழுவதும் அமாவாசை. "ராத்திரி முழுக்க இருக்கும் நாளை விட்டுவிட்டு 40 நிமிஷத்துக்காக மறுநாளா?" என்றார்கள் ஒரு பக்கம். "இரண்டு நாளும் பிரதோஷத்தைத் தொட்டால் பிந்தைய நாள் என்பது விதி" என்றார்கள் மறுபக்கம். மகாராஷ்டிரத்தில் லட்சுமி பூஜைக்கு விடுமுறை நவம்பர் 1. கவனியுங்கள், விநாயகருக்கு முந்தைய நாளுக்கு மரியாதை, அமாவாசைக்குப் பிந்தைய நாளுக்கு மரியாதை. இழுபறியில் எந்தப் பக்கம் சாய்வது என்பது திதிக்குத் திதி வேறு, ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

கிருஷ்ண ஜயந்தி, ஏகாதசி எல்லாம் ஏன் வருஷா வருஷம் ரெண்டு நாளா வருது?

அது திதிக் கணக்கின் கோளாறு இல்லை, சம்பிரதாயம். ஸ்மார்த்தர்கள் அஷ்டமி நள்ளிரவில் இருக்கும் நாளை எடுப்பார்கள். வைணவர்களுக்கு முந்தைய திதி கலந்த நாள் ஆகாது, உதயத்திலேயே அஷ்டமி இருக்க வேண்டும், ரோகிணியும் பார்ப்பார்கள். 2023-ல் அஷ்டமி செப்டம்பர் 6 மாலை 3.37 முதல் 7 மாலை 4.14 வரை. நள்ளிரவுக் கணக்குக்கு 6, உதயக் கணக்குக்கு 7. தமிழ்நாட்டு வைணவர்களிலேயே ஆவணி ரோகிணியை முதன்மையாக வைப்பவர்கள் உண்டு, அவர்களுக்கு நாள் இன்னும் தள்ளிப்போவதும் உண்டு.

ஏகாதசியில் இன்னும் கண்டிப்பு. உதயத்துக்கு 4 நாழிகை முன்பே, அதாவது 96 நிமிஷத்துக்கு முன்பே, தசமி விலகியிருக்க வேண்டும் என்பது வைணவ விதி. உதயம் 6 மணி என்றால் 4.24-க்குத் தசமி போயிருக்க வேண்டும். 4.40 வரை இருந்தால் அவர்கள் மறுநாள் விரதம் இருப்பார்கள், ஸ்மார்த்தர்களுக்கு அன்றே.

நான் வெளிநாட்டுல இருக்கேன். இந்தியக் காலண்டர் தேதியையே பின்பற்றலாமா?

கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கணக்குப்படி அது பல நேரம் பொருந்தாது. திதி தொடங்கும் கணம் உலகம் முழுவதுக்கும் ஒன்றுதான், அந்தக் கணத்தில் உங்கள் ஊரில் மணி என்ன என்பதுதான் மாறும். 2023 சதுர்த்தியையே மறுபடி எடுங்கள். இந்தியாவில் 18 பகல் 12.39 என்றால் நியூயார்க்கில் அது 18 விடிகாலை 3.09, முடிவது 19 விடிகாலை 4.13. அங்கே சதுர்த்தி உள்ள நடுப்பகல் 18-ஆம் தேதியுடையது மட்டும்தான். லண்டனிலும் அப்படியே, 18 காலை 8.09 முதல் 19 காலை 9.13 வரை. சிங்கப்பூரில் தலைகீழ். அங்கே சதுர்த்தி 18 மாலை 3.09-க்குத்தான் வருகிறது, அதற்குள் அவ்வூர் மத்தியானம் (சுமார் 11.45 முதல் 2.10 வரை) கடந்துவிட்டது. 19-ஆம் தேதி மாலை 4.13 வரை சதுர்த்தி இருப்பதால் மத்தியானம் முழுசாக உள்ளே. ஆக இந்தியாவில் 18-ஆ 19-ஆ என்று இழுபறி நடந்துகொண்டிருந்தபோது, திருக்கணிதப்படி நியூயார்க்கில் சந்தேகமில்லாமல் 18, சிங்கப்பூரில் சந்தேகமில்லாமல் 19.

அப்போ வெளிநாட்டுல இருந்துக்கிட்டு நானே எப்படிப் பார்க்கறது?

திதி தொடங்கும், முடியும் நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் நாடு என்றால் அதையும் சேர்க்க மறக்க வேண்டாம், பலர் சறுக்குவது அங்கேதான். அப்புறம் உங்கள் ஊர் உதயம், அஸ்தமனத்தை எடுத்து அந்தப் பண்டிகைக்கு உரிய பங்கைக் கணக்கிட்டு, திதி எந்த நாளில் அதற்குள் விழுகிறது என்று பாருங்கள். ஒரே நாளில் விழுந்தால் அதுதான். இரண்டு நாளிலும் விழுந்தால் உங்கள் வீட்டு வழக்கத்தைக் கேளுங்கள், அந்த இடத்துக்குமேல் கணக்கால் உதவ முடியாது.